இடது ஓரத்தில் ஆறு சென்டிமீட்டர்

என் அக்காள் மகளின் உயிரியல் நோட்டைப் பார்த்தால் யாருக்கும் கண் நிறைந்துபோகும். தலைப்புகள் ஊதா மையில், துணைத் தலைப்புகள் பச்சையில், முக்கியமான வரிகளின் மேல் மஞ்சள் ஹைலைட்டர், படங்களுக்குப் பென்சில் நிழல். படிவம் நான்கின் முதல் சோதனையில் அந்த நோட்டுக்குச் சொந்தக்காரி வாங்கிய மதிப்பெண் நூற்றுக்கு 31.

வீட்டில் பேச்சு வேறு திசைக்குத் திரும்பிவிட்டது. அறிவியல் பிரிவு இவளுக்கு ஒத்துவராது, இப்போதே கணக்கியல் பக்கம் மாற்றிவிடலாம் என்றார் அத்தான். அக்காளுக்கு மனமில்லை. அவளுக்கோ மருந்தாளராக வேண்டும் என்ற ஆசை. உயிரியலும் வேதியியலும் இல்லாமல் அந்தக் கதவு திறக்காது. மாதக் கடைசிக்குள் முடிவைச் சொல்லும்படி பள்ளியில் கேட்டிருந்தார்கள். அப்போதுதான் என்னைக் கூப்பிட்டார்கள். நான் ஆசிரியை அல்ல, ஜார்ஜ்டவுனில் தாதியாக இருக்கிறேன். சிறுநீரகப் பிரிவு. ஆனால் முப்பத்தாறு வயதில், இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு, மேல்பயிற்சி ஒன்றை முடித்தவள் என்பதால் படிப்பைப் பற்றி எனக்கு ஏதோ தெரியும் என்று வீட்டில் ஒரு நம்பிக்கை.

"எல்லாத்தையும் எழுதியிருக்கேன் சித்தி. மூணு தடவை படிச்சிட்டுத்தான் போனேன்" என்றாள். பொய் சொல்லவில்லை. நோட்டை மூடி வைத்துவிட்டு, "ஆஸ்மோசிஸ்னா என்னம்மா?" என்று கேட்டேன். மலாயில் ஒரு வரி கடகடவென்று வந்தது. "சரி, அதையே தமிழ்ல சொல்லு, உன் தம்பிக்குச் சொல்ற மாதிரி." மௌனம்.

அந்த மௌனத்தில்தான் விஷயம் இருந்தது. அவள் தமிழ்ப்பள்ளியில் படித்தவள். இடைநிலைப்பள்ளியில் பாடம் மலாயில் நடக்கிறது. மலாய் அவளுக்கு நன்றாகவே வரும், கடையிலும் பேருந்திலும் தட்டுத் தடங்கல் இல்லை. ஆனால் வகுப்பில் ஆசிரியர் சொல்வதைக் காது வாங்கிக் கை எழுதிவிடுகிறது, நடுவில் மனம் அதைத் தொடுவதே இல்லை. அழகாக எழுத எழுத இன்னும் தொடாது. பிறகு அந்த நோட்டை மூன்று தடவை படிக்கும்போது, பார்த்த பக்கம் என்பதால் எல்லாம் தெரிந்தது போலவே இருக்கும். தேர்வு அறையில் நோட்டு இருக்காது.

நான் மேல்பயிற்சி படித்தபோது எங்களுக்கு வகுப்பெடுத்தவர் முதல் நாளே ஒரு தாளைக் கரும்பலகையில் வரைந்து காட்டினார். இடது பக்கம் ஒரு ஒடுக்கமான பத்தி, வலது பக்கம் அகலமான பத்தி, அடியில் ஒரு பட்டை. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் வால்டர் பாக் என்பவர் மாணவர்களுக்காக வகுத்த முறை இது. கல்லூரியில் எப்படிப் படிப்பது என்பதைப் பற்றி அவர் எழுதி 1962இல் வந்த புத்தகத்தின் வழியாக உலகமெங்கும் பரவியது. அவர் சொன்ன அளவு அங்குலக் கணக்கில் இடது பத்திக்கு இரண்டரை, வலது பத்திக்கு ஆறு, அடிப் பட்டைக்கு இரண்டு. நம் ஊர் டெஸ்ட் பேட் தாளில் அச்சிட்டிருக்கும் ஓரக்கோடு இதற்குப் போதாது. ஆறு சென்டிமீட்டர் தள்ளி அடிக்கோலால் புதிதாக ஒரு கோடு போட்டுக்கொள்ள வேண்டும். நான் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அந்த வாரத்துக்கான தாள்களுக்கெல்லாம் மொத்தமாகக் கோடு போட்டு வைத்துக்கொள்வேன். வகுப்பில் கோடு போட்டுக்கொண்டிருந்தால் பாடம் போய்விடும்.

வகுப்பு நடக்கும்போது வலது பத்தியில் மட்டும் எழுத வேண்டும், இடது பத்தி வெறுமையாகவே இருக்க வேண்டும். அன்று மாலையே, தூங்கப் போகும் முன், வலது பக்கம் எழுதியதைப் பார்த்து ஒவ்வொரு சின்னப் பகுதிக்கும் நேர் எதிரே இடது பக்கத்தில் ஒரு கேள்வி எழுத வேண்டும். வலது பக்கம்தான் அந்தக் கேள்விக்குப் பதில். சில இடத்தில் முழுக் கேள்வி வேண்டாம், ஒரு குறிப்புச் சொல் போதும். எழுதி முடித்ததும் ஒரு தாளால் வலது பக்கத்தை மூடிவிட்டு, இடது பக்கத்தை மட்டும் பார்த்து வாய்விட்டுப் பதில் சொல்ல வேண்டும். அடிப் பட்டையில் அந்தப் பக்கத்தின் சாரம் இரண்டு வரி.

இதை அக்காள் மகளிடம் சொல்லிக்கொடுத்தபோது நானாக ஒரு மாற்றம் செய்தேன். இடது பக்கக் கேள்விகளைத் தமிழில் எழுதச் சொன்னேன். கலைச்சொல் மலாயிலேயே இருக்கட்டும், கேள்வி மட்டும் வீட்டில் பேசுகிற தமிழில். காரணம் எளிது. மலாய் வாக்கியத்தைப் பார்த்து மலாயிலேயே கேள்வி போடுவதற்குப் புரிய வேண்டிய அவசியம் இல்லை. 'ஆஸ்மோசிஸ் என்பது...' என்ற வரியின் வாலை வெட்டிவிட்டு, முன்னால் 'என்ன' என்பதைச் சேர்த்தால் கேள்வி தயார். தமிழில் கேட்க வேண்டுமென்றால் முதலில் அந்த வரி எதைச் சொல்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் பேனா நின்றுவிடும். நின்ற இடத்தில் ஒரு நட்சத்திரம் போடு, மறுநாள் ஆசிரியரிடம் கேள் என்றேன். முதல் வாரம் பக்கத்துக்கு நாலைந்து நட்சத்திரங்கள் இருந்தன. ஆசிரியரும் சலிக்காமல் பதில் சொல்லியிருக்கிறார். அதை இங்கே சொல்லியாக வேண்டும்.

அவளுடைய ஒரு பக்கத்தையே எடுத்துக்கொள்கிறேன். படிவம் நான்கு உயிரியலில் மூன்றாம் பாடம், செல் சவ்வின் வழியே பொருள்கள் போய்வருவது பற்றியது. அன்றைய வகுப்பில் மூன்று கரைசல்களைப் பற்றிச் சொல்லியிருந்தார்கள். செல்லுக்குள் இருப்பதைவிட உப்போ சர்க்கரையோ குறைவாக உள்ள வெளிக்கரைசல் ஹைப்போடோனிக். அதிகமாக உள்ளது ஹைப்பர்டோனிக். இரண்டும் சமமாக இருந்தால் ஐசோடோனிக். இந்தக் கரைசல்களில் இரத்தச் சிவப்பணுவையும் தாவரச் செல்லையும் போட்டால் என்ன ஆகும் என்பதுதான் பாடம். வலது பக்கத்தில் மலாயில் துண்டு துண்டாகப் பத்துப் பன்னிரண்டு வரிகள். அன்று மாலை இடது பக்கத்தில் அவள் எழுதிய கேள்விகள் இவை:

தண்ணி எந்தப் பக்கம் போகும்?

சிவப்பணுவைக் காய்ச்சி வடித்த தண்ணீரில் போட்டா?

அதையே உப்புத் தண்ணியில் போட்டா? (பேர் என்ன?)

தாவரச் செல் தண்ணியில் ஏன் வெடிக்கல?

பிளாஸ்மோலிசிஸ் – எது எதை விட்டு விலகுது?

ஐசோடோனிக்ல தண்ணி நகரவே நகராதா?

கடைசிக் கேள்வியைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாகிவிட்டது. அது ஆசிரியர் சொன்ன வரியிலிருந்து வந்ததில்லை, அவளுக்கே தோன்றியது. நகரும், ஆனால் உள்ளே போவதும் வெளியே வருவதும் சமமாக இருப்பதால் செல்லின் அளவு மாறாது. இப்படி ஒரு கேள்வி வந்துவிட்டால் அந்தப் பக்கம் மனத்துக்குள் போயிருக்கிறது என்று அர்த்தம்.

பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். கோடு போட்டாயிற்று, கேள்வி எழுதியாயிற்று, மூடி வைத்துச் சொல்லியும் பார்த்தாயிற்று. ஆனால் இடது பக்கக் கேள்விக்கு இரண்டு குறைகள் உண்டு. முதலாவது, அது பக்கத்தின் வரிசையிலேயே இருக்கிறது. மூன்றாவது கேள்விக்கு என்ன பதில் என்பது இரண்டாவது கேள்வியைச் சொல்லி முடித்ததுமே வாயில் வந்துவிடும். பாட்டுக்கு அடுத்த அடி வருவதைப் போல. அது நினைவு அல்ல, பழக்கம். இரண்டாவது, ஒவ்வொரு கேள்வியும் ஒரே ஒரு துண்டைத்தான் கேட்கிறது. எஸ்.பி.எம். தாளில் அப்படிக் கேட்க மாட்டார்கள். இரண்டு மூன்று துண்டுகளைச் சேர்த்து, புதிய சூழலில் வைத்துக் கேட்பார்கள். ஆகவே வாரத்துக்கு ஒருமுறை இந்தச் சின்னக் கேள்விகளை உடைத்து, கலந்து, தேர்வுக்கேற்ற கேள்விகளாக மாற்ற வேண்டியிருக்கிறது. இது நடக்காவிட்டால் இடது பத்தி வெறும் அலங்காரமாகிவிடும், பழைய மஞ்சள் ஹைலைட்டரைப் போல.

எங்கள் வீட்டில் அது ஞாயிற்றுக்கிழமை காலை, பசியாறி முடித்த பிறகு. ஒரு வாரத்தில் உயிரியலுக்கு நாலு பக்கம் சேரும், அதில் இருபத்தைந்து இடது பக்கக் கேள்விகள் இருக்கும். அவற்றிலிருந்து எட்டு மீள்பார்வைக் கேள்விகளுக்கு மேல் போகக் கூடாது என்பது நான் வைத்த கணக்கு. இருபத்தைந்தையும் அப்படியே அட்டையில் ஏற்றினால் இரண்டு மாதத்தில் இருநூறு அட்டை சேர்ந்து, பிள்ளை அந்தப் பெட்டியைத் திறக்கவே பயப்படும். எட்டுக்குள் அடக்க வேண்டும் என்றால் எதை எதோடு சேர்ப்பது என்று யோசித்தாக வேண்டும். படிப்பே அந்த யோசனைதான்.

இங்கே மொழி மாறுகிறது. மீள்பார்வைக் கேள்விகள் மலாயில், அதுவும் தேர்வுத் தாளில் வரும் ஏவல் சொற்களோடு. 'நியாத்தாக்கான்' என்றால் பெயரையோ உண்மையையோ சொன்னால் போதும். 'தெராங்கான்' என்றால் காரணத்தோடு விளக்க வேண்டும். 'பண்டிங்கான்' என்றால் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒற்றுமை வேற்றுமை சொல்ல வேண்டும். 'ராமல்கான்' என்றால் என்ன நடக்கும் என்று ஊகித்துச் சொல்ல வேண்டும். விளக்கச் சொன்ன கேள்விக்குப் பெயரை மட்டும் எழுதிவிட்டு வந்ததில்தான் இவளுக்கு முதல் சோதனையில் பாதி மதிப்பெண் போனது. பதில் தெரியாமல் இல்லை, கேட்டது என்ன என்று தெரியவில்லை. தானே அந்தச் சொல்லைப் போட்டுக் கேள்வி தயாரிக்கும் பிள்ளைக்கு அதன் எடை தெரிந்துவிடுகிறது. கேள்விக்குப் பக்கத்தில் மதிப்பெண்ணையும் போட வேண்டும். மூன்று மதிப்பெண் என்றால் பின்பக்கத்தில் மூன்று தனித்தனிக் கருத்துகள் இருக்க வேண்டும். இரண்டுதான் இருக்கிறது என்றால் கேள்வி சரியில்லை, அல்லது நோட்டில் ஒன்று விடுபட்டிருக்கிறது.

மேலே சொன்ன ஆறு கேள்விகளும் மூன்றாகச் சுருங்கின. அவள் மலாயில் எழுதியதை இங்கே தமிழில் தருகிறேன்.

ஒன்று: சிவப்பணு ஒன்றும் தாவரச் செல் ஒன்றும் காய்ச்சி வடித்த நீரில் போடப்படுகின்றன. இரண்டுக்கும் நடப்பதை ஒப்பிடுக. (4)

இரண்டு: நோயாளிக்கு நரம்பு வழியாக ஏற்றும் உப்புக் கரைசல் 0.9 விழுக்காடாக இருக்கிறது. அதற்குப் பதில் வெறும் நீரை ஏற்றினால் சிவப்பணுக்களுக்கு என்ன ஆகும்? விளக்குக. (3)

மூன்று: உப்பில் ஊறவைத்த ஜாதிக்காய் சுருங்குகிறது, நீண்ட நாள் கெடாமலும் இருக்கிறது. இரண்டுக்கும் காரணம் கூறுக. (4)

இரண்டாவது என் வேலையிலிருந்து வந்தது. நாள்தோறும் நான் கையில் எடுக்கும் பை அது. மூன்றாவது சௌராஸ்தா சந்தையிலிருந்து வந்தது. பினாங்குக்காரர்களுக்கு ஜாதிக்காய் ஊறுகாயைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. வெளியே உப்பு மிகுதி, ஆகவே பழத்தின் செல்லிலிருந்து நீர் ஆஸ்மோசிஸ் மூலம் வெளியேறுகிறது, பழம் சுருங்குகிறது. அதே உப்பு, பழத்தைக் கெடுக்க வரும் நுண்ணுயிரின் செல்லிலிருந்தும் நீரை இழுத்துவிடுகிறது, அதனால் அது பெருக முடியவில்லை. ஒரே காரணம் இரண்டு இடத்தில் வேலை செய்கிறது. நான்கு மதிப்பெண்ணுக்கு நான்கு கருத்து எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை ஒரு சிக்கல் வெளிப்பட்டது. இரண்டாவது அட்டைக்குப் பதில் எழுதும்போது அவள் திணறினாள். வெறும் நீர் ஹைப்போடோனிக், சிவப்பணு வீங்கி வெடிக்கும் என்பது பாடத்தில் படித்தது. ஆனால் அவளுடைய நோட்டின் முதல் வரியில், நீர் ஹைப்பர்டோனிக் பக்கத்திலிருந்து ஹைப்போடோனிக் பக்கத்துக்குப் போகும் என்று இருந்தது. அந்தக் கணக்குப்படி நீர் செல்லை விட்டு வெளியே வர வேண்டும், பணு சுருங்க வேண்டும். "சித்தி, ரெண்டும் சேரமாட்டேங்குது லா" என்றாள். பாடப்புத்தகத்தைத் திறந்தோம். நீர் போவது ஹைப்போடோனிக்கிலிருந்து ஹைப்பர்டோனிக்குக்கு. வகுப்பில் வேகமாக எழுதியபோது இரண்டு சொல்லும் இடம் மாறியிருந்தன. காதுக்கு ஒரே மாதிரி இருக்கும் சொற்கள், யாருக்கும் நடக்கும்.

இரண்டு வாரமாக அந்தத் தப்பான வரியைத்தான் அவள் தினமும் மூடி வைத்துச் சரியாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். இந்த முறையின் பெரிய ஆபத்து இதுதான். நோட்டில் பிழை இருந்தால் பிழையே ஆணியடித்ததுபோல் நிற்கும். சும்மா படித்துவிட்டுப் போகிறவர்களுக்குக்கூட அது மறந்துபோக வாய்ப்பு உண்டு, இவர்களுக்கு மறக்காது. அன்றிலிருந்து மாலையில் இடது பக்கக் கேள்வி எழுதும் முன் வலது பக்கத்தைப் பாடப்புத்தகத்தோடு ஒருமுறை ஒப்பிடுவது வழக்கமாயிற்று. ஐந்து நிமிட வேலை. இன்னொன்றும் தெரிந்தது. தனித்தனிச் சின்னக் கேள்விகள் அந்தப் பிழையைக் காட்டிக்கொடுக்கவில்லை. இரண்டைச் சேர்த்துக் கேட்டபோதுதான் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை வேலையில் ஒரு வரிசை உண்டு, அதை மாற்றக் கூடாது. முதலில் போன வாரத்துக் கேள்விகளுக்கு நோட்டைத் திறக்காமல் பதில் எழுத வேண்டும். பிறகு திருத்த வேண்டும். அதன் பிறகுதான் இந்த வாரத்துக் கேள்விகளைத் தயாரிக்க வேண்டும். தயாரித்த கேள்விக்கு அன்றே பதில் எழுதினால் எல்லாமே சரியாக வரும், மனம் குளிரும், ஆனால் எதுவும் தெரிய வராது. இதைப் பற்றி ஒரு புகழ்பெற்ற ஆய்வு இருக்கிறது. அமெரிக்காவின் செயிண்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்பிக் என்ற இருவர் 2006இல் வெளியிட்டது. ஒரு பிரிவு மாணவர்கள் ஒரு சிறு கட்டுரையை நான்கு தவணையிலும் திரும்பத் திரும்பப் படித்தார்கள். இன்னொரு பிரிவு ஒரு தவணை மட்டும் படித்துவிட்டு, மீதி மூன்று தவணைகளில் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது படித்துக்கொண்டே இருந்தவர்கள்தான் முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது அவர்களுக்கு நினைவில் இருந்தது 40 விழுக்காடு, எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. முதல் நாள் ராத்திரி படித்தபோது எல்லாம் தெரிந்ததே என்று பிள்ளைகள் அழுவதற்கு விளக்கம் அந்த ஐந்து நிமிடத்துக்கும் ஒரு வாரத்துக்கும் இடையில் இருக்கிறது.

பதிலை எழுத வேண்டும் என்று சொன்னேன், மனத்துக்குள் சொல்லிக்கொண்டால் போதாது. "தெரியும் தெரியும்" என்று அட்டையைப் புரட்டுவதும் புரட்டியதும் பின்பக்கத்தைப் பார்த்து "ஆமா, இதுதான் நினைச்சேன்" என்பதும் கூடப்பிறந்த பழக்கம். எழுதினால் அந்தச் சமாளிப்பு நடக்காது. திருத்தும்போது சிவப்பு மையால் ஒவ்வொரு கருத்துக்கும் ஒரு டிக். முழு மதிப்பெண் கிடைத்த அட்டை 'மாதம்' என்று எழுதிய உறைக்குள் போகும், நான்கு வாரம் கழித்து வெளியே வரும். பாதி கிடைத்தது அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு. ஒன்றும் வராதது புதன்கிழமை இரவே மறுபடி. ஒரே அட்டை மூன்று தடவை தவறினால் அட்டையைக் குற்றம் சொல்ல வேண்டும். பெரும்பாலும் கேள்வி அளவுக்கு மீறி அகலமாக இருக்கும். 'ஆஸ்மோசிஸ் பற்றி விளக்குக' என்று ஒரு அட்டை எழுதியிருந்தாள். அதற்கு எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்று எழுதியவளுக்கே தெரியாது. அதைக் கிழித்து இரண்டாக்கினோம்.

அட்டை என்றதும் கடையில் போய் விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. டெஸ்ட் பேட் தாளை நான்காக மடித்துக் கிழித்தால் போதும். அழகாக இருக்கக் கூடாது என்று நானே சொல்லிவிட்டேன். இவளுக்கு அது கொஞ்சம் கஷ்டம்தான். முதல் வாரம் ஒவ்வொரு அட்டைக்கும் பூப்போட்ட கரை வரைந்துகொண்டிருந்தாள்.

பள்ளி கேட்ட நாள் வந்தபோது எங்களிடம் காட்டுவதற்கு மதிப்பெண் எதுவும் இல்லை, மூன்று வாரத்து அட்டைகள் மட்டும் இருந்தன. அத்தான் அதில் ஒன்றை உருவி, ஜாதிக்காய் ஏன் சுருங்குகிறது என்று மகளிடம் கேட்டார். அவள் தமிழில் சொன்னாள், பிறகு மலாயில் சொன்னாள். அவர் லோரி ஓட்டுகிறவர், பதில் சரியா என்று அவருக்குத் தெரியாது. என்னைப் பார்த்தார், நான் தலையாட்டினேன். அடுத்த சோதனை வரைக்கும் பார்ப்போம் என்றார். அடுத்த சோதனையில் 57 வந்தது. பெரிய மதிப்பெண் இல்லை. ஆனால் விளக்கக் கேள்விகளில் வெற்றிடமாக விட்டுவந்தது ஒன்றுகூட இல்லை. பிரிவை மாற்றும் பேச்சு அதோடு நின்றது.

எல்லாப் பாடத்துக்கும் இது உதவாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கூடுதல் கணிதத்துக்கும் இதே கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தாள். 'வகையீடு என்றால் என்ன' என்ற கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிந்தவர்கள் கணக்கைப் போடத் தெரிந்தவர்கள் அல்லர். அங்கே இடது பக்கத்தில் கேள்விக்குப் பதிலாக, இந்தப் படியை ஏன் செய்தார்கள் என்று மட்டும் குறித்துக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமையில் தீர்க்க வேண்டியது புதிய கணக்குகளை. உயிரியலிலேயே படங்கள் உள்ள பக்கத்துக்குக் கேள்வி எழுதி மாரடிப்பதைவிட, பெயர்களை அழித்துவிட்டுப் படத்தை மறுபடி வரைந்து பெயரிடுவது சுலபம். வரலாற்றுக்கு நன்றாகப் பொருந்துகிறது. எஸ்.பி.எம். சான்றிதழுக்கு வரலாற்றில் தேர்ச்சி கட்டாயம் என்பதால் அடுத்து அதில் கை வைத்திருக்கிறோம். அதில் ஆண்டையும் பெயரையும் கேட்பதைவிட 'ஏன்', 'அதனால் என்ன ஆயிற்று' என்பவற்றைக் கேட்கும் அட்டைகளே அவளுக்குப் பயன்படுகின்றன.

நேரத்தைக் கேட்பீர்கள். மாலையில் ஒரு பாடத்துக்குப் பத்துப் பதினைந்து நிமிடம், ஞாயிற்றுக்கிழமை ஒரு பாடத்துக்கு ஒரு மணி நேரம். வாரத்தில் இரண்டு பாடங்களுக்கு மேல் இதை எடுத்துக்கொண்டால் பிள்ளை ஓய்ந்துபோகும் என்று என் அனுபவத்தில் தோன்றுகிறது. கஷ்டமான இரண்டைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு மற்றதை வழக்கம்போல் படிக்கலாம். ஒரு வாரம் விட்டுப்போனால், தைப்பூசம், பள்ளி விளையாட்டுப் போட்டி என்று ஏதாவது வரும், விட்டுப்போன வாரத்துக்கு எட்டு அல்ல, மூன்றே கேள்வி எழுதிவிட்டு நகர்ந்துவிட வேண்டும். பாக்கியைத் தீர்க்கிறேன் என்று உட்கார்ந்த வாரத்தில்தான் என்னோடு மேல்பயிற்சியில் படித்த இரண்டு தோழிகள் இந்த முறையையே கைவிட்டார்கள்.

இப்போது அவள் தம்பி, தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு, அக்காளின் அட்டைகளை எடுத்து வைத்துக்கொண்டு அவளைக் கேள்வி கேட்கிறான். மலாய்க் கலைச்சொற்களை அவன் உச்சரிக்கும் விதத்துக்கு வீடே சிரிக்கிறது. போன வாரம் ஒரு அட்டையைப் புரட்டிப் பின்பக்கத்தைப் படித்துவிட்டு, "அக்கா, நாலு மார்க்குன்னு போட்டிருக்கு, மூணுதானே சொன்ன?" என்றான். எண்ணிப் பார்த்தோம். மூன்றுதான்.